வெளிநாட்டில் வேலையில் முதல் நாள்: பயமும் நன்றியும் கலந்த கேப்ஷன் எப்படி எழுதுவது?

தென்காசிப்பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். வர்ற திங்கட்கிழமை இங்கிலாந்துல ஒரு என்எச்எஸ் மருத்துவமனையில நர்ஸ் வேலைக்குச் சேர்றேன். இன்ஸ்டாகிராமுக்கு ஒரு கேப்ஷன் வேணும். அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் போடணும். உள்ளுக்குள்ள பயமாவும் இருக்கு, அனுப்பி வச்சவங்களை நினைச்சா மனசு நிறைஞ்சும் இருக்கு. ரெண்டும் தெரியணும். இப்போதைக்கு எழுதி வச்சிருக்கிறது இது:

"கனவு நனவான நாள்! இங்கிலாந்தில் ரெஜிஸ்டர்டு நர்ஸாக என் பயணம் இன்று தொடங்குகிறது. கொஞ்சம் பயமா இருந்தாலும் கடவுளுக்கும், அப்பா அம்மாவுக்கும், ஆசிரியர்களுக்கும், ஏஜென்சிக்கும், நண்பர்களுக்கும் கோடான கோடி நன்றிகள்."

படிச்சுப் பார்த்தா கல்யாணப் பத்திரிகையில "தங்கள் நல்வரவை நாடும்" பகுதி மாதிரி இருக்கு. எப்படி மாத்தலாம்?

ராஜபாளையம்_குமார்:
வாழ்த்துகள் தங்கச்சி. முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இன்ஸ்டால கேப்ஷன் 125 எழுத்துக்கு மேல போகக் கூடாது. தமிழ்ல ஒவ்வொரு எழுத்தும் ரெண்டா கணக்காகும், அதனால உனக்கு அறுபது எழுத்துதான். இங்கிலீஷ்ல எழுதிட்டா பிரச்சினையே இல்ல.

வரிக்கணக்கு:
குமார் அண்ணன் சொன்னதுல பாதி சரி. கேப்ஷனுக்கு இன்ஸ்டா தர்ற இடம் மொத்தம் 2200. அந்த 125ங்கிறது ஃபீட்ல "மேலும்" பட்டனை அமுக்காமலே கண்ணுல படுற அளவு. அதுவும் ஏறக்குறையத்தான். திரை அகலம், போன்ல எழுத்தை எவ்வளவு பெருசா வச்சிருக்காங்கங்கிறதைப் பொறுத்து முன்னப்பின்ன வெட்டும். தமிழ் எழுத்து அகலமானது, அதனால பெரும்பாலும் முன்னாடியே வெட்டிடும்.

எல்லா எழுத்தும் ரெண்டாகாது. தனி "க" ஒண்ணு. "கை" ரெண்டு, ஏன்னா கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். "நன்றி" கண்ணுக்கு மூணு எழுத்து, கணக்குல அஞ்சு.

இப்ப உங்க கேப்ஷனை அந்தக் கணக்குல எண்ணிப் பாருங்க. 125 எங்க முடியுதுன்னா "கடவுளுக்கும், அப்பா" வரைக்கும். அம்மா "மேலும்" பட்டனுக்குப் பின்னாடி போயிட்டாங்க. பட்டனை அமுக்காம தள்ளிட்டுப் போறவங்க கண்ணுல படுறது கனவு, பயணம், கொஞ்சம் பயம். நன்றிங்கிற சொல்லே படாது. நீங்க கேட்ட ரெண்டுல ஒண்ணு காணாமப் போயிடுச்சு.

வார்டு_அக்கா:
எழுத்துக் கணக்கு இருக்கட்டும் தம்பி. அதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. கண்ணு, ஆஸ்கி செய்முறைத் தேர்வு முடிச்சுட்டியா? இங்க நர்ஸுங்களைப் பதிவு பண்ற என்எம்சியில இருந்து பின் நம்பர், அதாவது பதிவு எண், வந்தாச்சா?

தென்காசிப்பொண்ணு:
இல்ல அக்கா. ஊர்லயே சிபிடிங்கிற கம்ப்யூட்டர் தேர்வு மட்டும் முடிச்சேன். ஆஸ்கி இங்க வந்தப்புறம், ஜனவரியில இருக்கும்னு சொல்லியிருக்காங்க.

வார்டு_அக்கா:
அப்ப "ரெஜிஸ்டர்டு நர்ஸ்"ங்கிற வார்த்தையை இன்னைக்கே எடுத்துடு. இந்தியாவுல நீ பதிவு பெற்ற நர்ஸ்தான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா இந்த நாட்டுல என்எம்சி பதிவேட்டுல பேர் ஏறுற வரைக்கும் அந்தப் பட்டம் உனக்குக் கிடையாது. பதிவு இல்லாம பதிவு பெற்றவர்னு காட்டிக்கிறது இங்க சட்டப்படி குற்றம். கேப்ஷனைப் பார்த்துட்டு நாளைக்கே பிடிக்க வருவாங்கன்னு சொல்லல. ஆனா நீ எந்த அமைப்புக்கிட்ட பதிவு கேட்டு நிக்கிறியோ, அந்த அமைப்பு சமூக ஊடகத்துக்குன்னே தனியா வழிகாட்டி போட்டிருக்கு. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினா, பதில் சொல்ல வேண்டியவ நீதான்.

ஆஸ்கி வரைக்கும் சம்பளப் படிநிலையில உன்னை சில இடத்துல பேண்ட் 3லயும் சில இடத்துல பேண்ட் 4லயும் வச்சிருப்பாங்க. பதிவு ஆனதும்தான் பேண்ட் 5. ஒப்பந்தத்துல பதவிப் பேர் என்ன போட்டிருக்குன்னு பாரு, பெரும்பாலும் பதிவுக்கு முந்தைய நர்ஸ்ங்கிற மாதிரிதான் இருக்கும். கேப்ஷன்ல பதவியே போட வேண்டாம்ங்கிறது என் கருத்து. "மருத்துவமனையில் முதல் நாள்"னா போதும், எதுவும் குறையாது.

துபாய்_பாலா:
அக்கா சொல்றது நியாயம். நான் சேர்ந்த அன்னைக்கு "சைட் இன்ஜினியர்"னு போட்டேன், விசாவுல டெக்னீஷியன்னு இருந்துச்சு. கூட வேலை பாக்குறவங்க ஒரு மாசம் ஓட்டித் தள்ளிட்டாங்க. அதோட முடிஞ்சது. உங்களுக்கு அப்படிச் சிரிப்போட முடியாது போல.

சாந்தி_டீச்சர்:
முதல் நாள் எல்லார் முன்னாடியும் பேசுறதுக்குத்தானே கேக்குற? "குட் மார்னிங்"னு ஆரம்பிச்சு பேர், ஊர், எத்தனை வருஷ அனுபவம், என்ன பிரிவுல வேலை பார்த்தேன்னு நாலு வரி சொன்னா போதும்மா. மெதுவாப் பேசு. பேரை ரெண்டு தடவை சொல்லு, அவங்களுக்கு ஒரே தடவையில பிடிபடாது.

தென்காசிப்பொண்ணு:
டீச்சர், இது போட்டோவுக்குக் கீழ எழுதுறதுக்கு. ஆனா நீங்க சொன்னதும் தேவைப்படும், எழுதி வச்சுக்கிட்டேன்.

அக்கா, "ரெஜிஸ்டர்டு" தூக்கிட்டேன். இப்ப மிச்சம் இருக்கிறதுல என்ன செய்ய?

வரிக்கணக்கு:
"கொஞ்சம் பயமா இருந்தாலும்"ங்கிறதை முதல்ல எடுங்க. "இருந்தாலும்" போட்டதும் பயம் சும்மா பேச்சுக்குன்னு ஆயிடுது, படிக்கிறவங்க அதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போயிடுவாங்க. "ஆனா" போட்டாலும் இதே கதிதான், முன்னாடி வந்ததைப் பின்னாடி வர்றது அமுக்கிடும். ரெண்டும் சமமா நிக்கணும்னா ரெண்டு தனி வாக்கியமா பக்கத்துல பக்கத்துல வைங்க, நடுவுல இணைப்புச் சொல்லே வேண்டாம்.

அடுத்தது, பயம்னு சொன்னா யாருக்கும் பயம் தெரியாது. எதுக்குப் பயம்? வார்டு போன் அடிச்சா எடுக்கவா? அந்த ஊர்ப் பேச்சு புரியாதுன்னா? நன்றிக்கும் அதே கேள்விதான். எதுக்கு நன்றி? அஞ்சு பேருக்கு மொத்தமா நன்றி சொன்னா ஒருத்தருக்கும் போய்ச் சேராது.

நான் பார்த்த வரைக்கும், ரெண்டு உணர்ச்சியையும் ஒரே பொருள் மேல ஏத்தி வச்ச கேப்ஷன்தான் நிக்குது. கூடவே எடுத்துட்டு வந்த பொருள் என்னென்ன இருக்கு? யார் வாங்கித் தந்தது? பட்டியல் போடுங்க.

தென்காசிப்பொண்ணு:
அம்மா வாங்கித் தந்த கடிகாரம், சட்டையில குத்திக்கிற மாதிரி. கருப்பு ஷூ ஒரு ஜோடி, அப்பா திருநெல்வேலியில வாங்கினது. தோழி தந்த பேனா. கையில வளையல் ரெண்டு, பாட்டியோடது. வளையலை வச்சு எழுதலாமா? இங்க கழட்டணுமாமே. "பாட்டி வளையலைக் கழட்டி வச்சிட்டு வார்டுக்குள்ள போறேன்"னு எழுதினா நல்லா இருக்குமா?

வார்டு_அக்கா:
கழட்டணும், உண்மைதான். முழங்கைக்குக் கீழ வெறுங்கைங்கிறது இங்க விதி. நோயாளிக்கிட்டப் போகும்போது கைக்கடிகாரம், வளையல், கயிறு எதுவும் இருக்கக் கூடாது. கல் இல்லாத சாதா மோதிரம் ஒண்ணுக்குத்தான் அனுமதி. மணிக்கட்டு வரைக்கும் ஒழுங்கா கழுவணும்னுதான் இந்த விதி.

ஆனா வளையல் வரி வேண்டாம்னு சொல்வேன். நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலயும் ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர்னா கழட்டத்தான் சொல்வாங்க. நர்ஸிங் தெரிஞ்சவங்க "இது என்ன புதுசா?"ம்பாங்க. தெரியாதவங்க "வெள்ளைக்காரன் வளையலைக் கழட்டச் சொல்லிட்டான்"னு கமெண்ட்ல சண்டை போடுவாங்க. உன் முதல் நாள் போட்டோவுக்குக் கீழ அந்த ரகளை தேவையா?

கடிகாரம் நல்லா இருக்கு. கையில கட்ட முடியாததாலதான் அது சட்டைக்குப் போச்சு. பார்த்திருப்பீங்க, அது தலைகீழாத் தொங்கும். எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தலைகீழ், குனிஞ்சு பாக்குற நமக்கு நேர்.

வரிக்கணக்கு:
கடிகாரமேதான். "தலைகீழ்" விஷயத்தை உள்ள இழுக்காதீங்க, அது அழகான தகவல், ஆனா அம்மாவைத் தள்ளி விட்டுட்டு அதுவே முன்னாடி வந்து நிக்கும். இப்படி வைங்க:

"சட்டையில் கடிகாரத்தைக் குத்தும்போது விரல் நடுங்கிச்சு. வாங்கித் தந்தது அம்மா. நன்றிம்மா."

எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 88. எந்தப் போன்லயும் "நன்றிம்மா" பெரும்பாலும் வெட்டுப்படாது. பயம்ங்கிற சொல் இல்ல, விரல் மட்டும் இருக்கு. நன்றி ஒரே ஆளுக்கு, ஒரே பொருளுக்கு.

மத்தவங்களுக்கு நன்றி சொல்லணும்னா ஒரு வெற்று வரி விட்டு அதுக்குக் கீழ எழுதுங்க. "மேலும்" அமுக்குறவங்க உங்களுக்கு வேண்டியவங்கதான், அவங்க படிப்பாங்க.

ராஜபாளையம்_குமார்:
அப்பா என்ன பாவம் செஞ்சாரு? ஷூ வாங்கித் தந்த மனுஷன்.

வரிக்கணக்கு:
கீழ்ப் பகுதியில முதல் ஆளா வரட்டும் அண்ணே. "காலில் இருக்கும் ஷூ அப்பா வாங்கினது"ன்னு ஒரே வரி. அதுக்கும் கீழ பெரியப்பா, சித்தப்பா, மாமான்னு போக வேண்டாம். ஒருத்தர் பேரைப் போட்டுட்டு இன்னொருத்தர் பேர் விட்டுப்போனா அடுத்த விசேஷம் வரைக்கும் பேசுவாங்க. அவங்களுக்குத் தனித்தனியா வாட்ஸ்அப்ல நாலு வரி அனுப்புறதுதான் மரியாதை.

துபாய்_பாலா:
நான் ஒண்ணு சொல்லலாமா? அம்மா நகையை அடகு வச்சுத்தான் நம்மள்ல பாதிப் பேர் கிளம்பி வர்றோம். "அம்மாவின் தோடு அடகுக் கடையில், நான் இங்கே"ன்னு எழுதினா கல்லும் கரையும். லைக் குவியும்.

சாந்தி_டீச்சர்:
லைக் குவியும் பாலா, அம்மா தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அடகு வச்சது வீட்டு ரகசியம். அந்தம்மா பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாம வச்சிருப்பாங்க. எழுதுறதுன்னா முதல்ல அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு.

துபாய்_பாலா:
மறைக்கிறதுல என்ன பெருமை டீச்சர்? கஷ்டப்பட்டதைச் சொன்னாத்தான் அடுத்து வர்ற பொண்ணுங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஏர்போர்ட் போட்டோ மட்டும் போட்டா ஊர்ல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?

வார்டு_அக்கா:
ரெண்டு பேரும் சொல்றதுல நியாயம் இருக்கு, அது அவங்க அம்மா முடிவு பண்ண வேண்டியது. நான் ஏஜென்சி விஷயத்துக்கு வர்றேன். கண்ணு, ஏஜென்சியை டேக் பண்ணாத. வேலைக்கு ஆள் எடுக்கிறதுக்காக நர்ஸுங்ககிட்ட ஏஜென்சி காசு வாங்கக் கூடாதுன்னு இங்கிலாந்து அரசோட நடத்தை நெறியிலயே இருக்கு. ஊர்ல வாங்குறவங்களும் இருக்காங்க. உன் நன்றியை அவங்க பக்கத்துல எடுத்துப் போட்டு விளம்பரமா மாத்திடுவாங்க. உன் கமெண்ட்லயே வந்து "எங்க நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு எழுதுவாங்க. அடுத்து யாராவது ஏமாந்தா "உன் போஸ்ட்டைப் பார்த்துத்தானே போனோம்"னு உன்கிட்டதான் வந்து நிப்பாங்க. நல்ல ஏஜென்சின்னா தனியா மெயில்ல நன்றி சொல்லு.

அப்புறம் போட்டோ. எங்க எடுக்கப் போற?

தென்காசிப்பொண்ணு:
வார்டுல நர்ஸ் ஸ்டேஷன் முன்னாடி, யூனிஃபார்ம்ல, கழுத்துல ஐடி கார்டோட எடுக்கலாம்னு இருந்தேன்.

வார்டு_அக்கா:
நெனச்சேன். நர்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும், அதுல படுக்கை எண்ணும் நோயாளி பேரும் எழுதியிருக்கும். உன் போன்ல சின்னதாத் தெரியும், பெருசாக்கினா படிக்கலாம். கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். பாக்கெட்ல நாலா மடிச்ச ஹேண்ட்ஓவர் தாள் எட்டிப் பார்க்கும், அதுலயும் நோயாளி விவரம்தான். வேலை போற அளவுக்குக் கொண்டுபோற தப்பு இது. கேப்ஷனையாவது பிறகு திருத்தலாம், போட்ட படத்துக்குப் பதிலா வேற படம் மாத்த முடியாது. நீக்கிட்டுத் திரும்பப் போடணும், அதுக்குள்ள யார் சேமிச்சாங்களோ யாருக்குத் தெரியும்.

வெளிய, மெயின் என்ட்ரன்ஸ் பெயர்ப் பலகை கிட்ட நில்லு. பின்னாடி ஆள் இல்லாத நேரமாப் பாரு. ஐடி கார்டைத் திருப்பிப் போடு, இல்ல சட்டைக்குள்ள விட்டுடு. மஞ்சள் நிறத்துல "ஹலோ மை நேம் இஸ்"னு பேர் எழுதின பேட்ஜ் தருவாங்க, பல ஆஸ்பத்திரியில உண்டு. கேட் கிரேஞ்சர்னு ஒரு டாக்டர், தானே நோயாளியாப் படுத்திருந்தப்ப யாரும் பேர் சொல்லி அறிமுகமே பண்ணிக்கலைன்னு 2013ல ஆரம்பிச்ச இயக்கம் அது. அதுல பேர் மட்டும்தான் இருக்கும், படத்துல வந்தாலும் பெரிய ஆபத்து இல்ல.

இன்னொண்ணும் கேளு. முதல் நாளே உன்னை வார்டுக்கு அனுப்ப மாட்டாங்க. இண்டக்ஷன்னு ஒரு ஹால்ல உக்கார வச்சு தீ பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, நோயாளியைத் தூக்குற முறைன்னு நாள் பூரா ஓட்டுவாங்க. யூனிஃபார்ம் அன்னைக்குக் கையில கிடைக்கும்னு உறுதி இல்ல. பல பேர் சொந்த உடுப்புலதான் போறாங்க. யூனிஃபார்ம் தந்தாலும் அதைப் போட்டுக்கிட்டு பஸ்ல, கடையில நிக்காதேன்னு பல இடத்துல விதி இருக்கு. பஸ் ஸ்டாப் செல்ஃபியும் வேண்டாம்.

தென்காசிப்பொண்ணு:
அப்ப சட்டையில கடிகாரம் குத்துற வரியே பொய்யாயிடுமே அக்கா?

வரிக்கணக்கு:
நல்ல வேளை இப்பவே தெரிஞ்சது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, போஸ்ட்டை வார்டுல முதல் நாளுக்குத் தள்ளி வைங்க, வரி அப்படியே இருக்கட்டும். இல்லன்னா "பையில் கடிகாரத்தை எடுத்து வைக்கும்போது விரல் நடுங்கிச்சு"ன்னு மாத்துங்க. பொருள் மாறல, இடம்தான் மாறுது. கடிகாரம் உள்ளங்கையில இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தா ஆஸ்பத்திரியே படத்துல வர வேண்டாம்.

எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. கிளம்புற நேரத்துப் பதற்றம் அதுல இருக்கு.

ராஜபாளையம்_குமார்:
எத்தனை மணிக்குப் போடணும்? இன்ஸ்டால ராத்திரி எட்டுக்குப் போட்டாத்தான் ஓடும்னு சொல்வாங்க.

வரிக்கணக்கு:
யாருக்கு ஓடணும்ங்கிறதுதான் கேள்வி. நவம்பர்ல இங்கிலாந்துக்கும் நமக்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம். அங்க ராத்திரி எட்டுன்னா தென்காசியில ஒன்றரை மணி, அம்மா தூங்கிட்டிருப்பாங்க. மதியச் சாப்பாட்டு இடைவேளையில ஒரு மணிக்குப் போட்டா இங்க சாயங்காலம் ஆறரை, வீட்ல எல்லாரும் இருப்பாங்க. மார்ச் கடைசி ஞாயிறுல அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிடுவாங்க, அப்புறம் வித்தியாசம் நாலரைதான்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிடும், அதனால அதையும் அந்த நேரத்துலயே வைங்க. அதுக்குக் கீழ்ப் பகுதி வேண்டாம், மேல உள்ள மூணு வாக்கியம் போதும்.

சாந்தி_டீச்சர்:
என் சந்தேகம் வேற. புது மேனேஜர் இவ பக்கத்தைப் பார்த்தா? விரல் நடுங்குச்சுன்னு நர்ஸே எழுதியிருக்கேன்னு நினைக்க மாட்டாங்களா? ஊசி போடுற கை.

வார்டு_அக்கா:
தமிழ்லதான எழுதுறா டீச்சர்.

வரிக்கணக்கு:
கீழ "மொழிபெயர்ப்பைக் காட்டு"ன்னு ஒரு பட்டன் இருக்கே அக்கா. அமுக்கினா வந்துடும். டீச்சர் கேட்டது நல்ல கேள்வி. கடிகாரத்தை எடுத்து வைக்கும்போதுன்னு இடம் தெளிவா இருக்கிறதால எனக்குத் தப்பாத் தெரியல. சந்தேகமா இருந்தா "விரல் நடுங்கிச்சு"க்குப் பதிலா "ரெண்டு தடவை திறந்து பார்த்துட்டேன்"னு வைக்கலாம். பதற்றம் அதுலயும் தெரியும், கையைப் பத்தின பேச்சு வராது.

வார்டு_அக்கா:
எனக்கு நடுங்குறதுல குறை தெரியல. முதல் நாள் பயம் இல்லாம வர்ற பிள்ளையைப் பார்த்தாத்தான் சீனியருங்களுக்குப் பயம். ஆனா மேனேஜருக்கு மேனேஜர் மாறும், டீச்சர் சொல்றதைத் தள்ளி விடவும் முடியல.

தென்காசிப்பொண்ணு:
இப்ப எழுதி வச்சது இது:

"பையில் கடிகாரத்தை வச்சிட்டு ரெண்டு தடவை திறந்து பார்த்துட்டேன். வாங்கித் தந்தது அம்மா. நன்றிம்மா.

காலில் இருக்கும் ஷூ அப்பா வாங்கினது. மருத்துவமனையில் இன்று முதல் நாள்."

நடுங்குற வரி இன்னும் மனசுல நிக்குது, ஞாயித்துக்கிழமை ராத்திரி முடிவு பண்றேன். தோட்டைப் பத்தி அம்மாகிட்ட கேட்டேன், "எழுதுனா போனை எடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

துபாய்_பாலா:
சரி, தோத்துட்டேன். அப்பா ஷூவை கடைசி வரியில வைங்க, அது "மருத்துவமனையில்"க்கு முன்னாடி வந்தா ஷூ வார்டுக்குள்ள தனியா நடந்து போற மாதிரி இருக்கு.

வரிக்கணக்கு:
பாலா சொல்றது சரி. ரெண்டு வரியையும் இடம் மாத்திப் போடுங்க.